பெட்டிக்குள்ள அம்மா வச்ச மிச்ச மாத்திரை: ஒரு சிறுகதைக்கு டாக்டரோட பதில்

வாசகி கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயசு 49, ஹவுஸ்வைஃப், அப்பப்போ சிறுகதை எழுதுவேன். போன மாசம் எழுதின கதையில செல்வின்னு ஒரு அம்மா, இங்கிலாந்துல லீட்ஸுக்குப் படிக்கப் போற பொண்ணு யாழினிக்குப் பெட்டி அடுக்குறா. பருப்புப்பொடிக்கு அடியில வீட்டுல மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கையும் வைக்கிறா. வீட்டுக்காரர் இருமலுக்கு வாங்கின அசித்ரோமைசின் 500, அஞ்சுல ரெண்டு போட்டதும் அவருக்கு சரியாயிடுச்சு, மூணு மிச்சம். மாமியாருக்குப் பல் பிடுங்கினப்போ கொடுத்த அமாக்சிக்ளாவ் 625, வெட்டின ஸ்ட்ரிப்ல நாலு. அதுல பேர் தெரியாததால துண்டுச்சீட்டுல "தொண்டைக்கு, காலை ராத்திரி"ன்னு எழுதி ரப்பர் பேண்ட் போடுறா. லீட்ஸ் போன ஒன்பதாவது நாள் யாழினிக்குக் காய்ச்சல், தொண்டை வலி, இருமல். மறுநாள் ராத்திரி அந்த மூணு மாத்திரையை எடுத்து தினம் ஒண்ணு போடுறா, சரியாயிடுது. அடுத்த வாரம் ரூம்மேட்டுக்குத் தொண்டை வலின்னதும் மிச்ச நாலையும் அவளுக்குக் கொடுக்குறா, கதை அங்க முடியுது. நர்ஸா இருக்குற என் சிநேகிதி படிச்சுட்டு "இதை யாருக்கும் காட்டாதே"ன்னுட்டா. மருத்துவ ரீதியா கதை தப்பா? இன்னொண்ணும் சொல்லிடுறேன், என் பொண்ணும் செப்டம்பர்ல லீட்ஸ் போறா, 22 வயசு, கதையில வர்ற அதே மாத்திரைக் கவரும் எங்க வீட்டுல ரெடியா இருக்கு. அங்க டாக்டரைப் பாக்கவே வாரக்கணக்காகுமாம், பாத்தாலும் பாராசிட்டமால் போடுன்னு அனுப்பிடுவாங்களாம். வைக்கலாமா? ஏர்போர்ட்ல பிடிப்பாங்களா?

— பெயர் வேண்டாம், கரூர்

டாக்டர் பதில்:

வணக்கம்மா. நீங்க அனுப்பின கதையை ரெண்டு தடவை படிச்சேன். அந்த துண்டுச்சீட்டும் ரப்பர் பேண்டும் வர்ற இடம் எனக்கு ரொம்பப் பழக்கமான இடம், ஏன்னா 20 வருஷத்துக்கு மேல ஜெனரல் மெடிசின் ஓபி பாக்குறேன், அதே மாதிரி ரப்பர் பேண்ட் போட்ட கட்டு வாரத்துக்கு ரெண்டாவது என் மேஜைக்கு வந்துடும். ஆனா நேரா சொல்லிடுறேன், உங்க சிநேகிதி சொன்னது சரி. நிஜப் பெட்டியில அந்தக் கவரை வைக்காதீங்க. கதை விஷயம் வேற, அதைக் கிழிச்சுப் போட வேண்டியதில்ல, ஆனா அந்தக் கதை படிக்கிறவங்ககிட்ட ஒரு நம்பிக்கையைக் கொண்டு போய்ச் சேர்க்குது, அந்த நம்பிக்கை தப்பு. அது எங்க தப்பாகுதுன்னு உங்க கதையை வச்சே சொல்றேன்.

யாழினிக்கு எதனால சரியாச்சு

புது ஊர், குளிர் ஆரம்பிக்கிற மாசம், உலகத்தோட எல்லா மூலையில இருந்தும் வந்த பசங்க ஒரே ஹாஸ்டல்ல ஒரே கிச்சன்ல. முதல் ரெண்டு மூணு வாரத்துல பாதிப் பேருக்கு மூக்கு ஒழுகி தொண்டை கட்டி இருமல் வரும், அந்த ஊர்ல அதுக்கு ஃப்ரெஷர்ஸ் ஃப்ளூன்னே பேர் வச்சிருக்காங்க. பெரும்பாலும் அது வைரஸ். அசித்ரோமைசின் பாக்டீரியாவைத்தான் அடக்கும், பாக்டீரியா உயிரோட இருக்க புரோட்டீன் செய்யணும், அந்த புரோட்டீன் செய்யற இடத்தைப் போய் அடைச்சுக்கும், அதுதான் அந்த மாத்திரையோட வேலை. வைரஸுக்கு அப்படி ஒரு இடமே கிடையாது, அது நம்ம உடம்போட செல்லுக்குள்ள புகுந்து நம்ம சாமான்லயே தன்னைப் பெருக்கிக்குது. அதனால மாத்திரை போய் பிடிக்க அங்க ஒண்ணுமே இல்ல.

அப்புறம் எப்படி சரியாச்சுன்னு கேப்பீங்க. நாளை எண்ணிப் பாருங்க. வைரஸ் காய்ச்சல் பொதுவா மூணு நாலு நாள்ல தானா இறங்கும். யாழினி முதல் நாள் பொறுத்துக்கிட்டா, ரெண்டாவது நாள் ராத்திரி முதல் மாத்திரை, நாலாவது நாள் ராத்திரி மூணாவது மாத்திரை, அதுக்குள்ள காய்ச்சல் விட்டிருச்சு. மாத்திரை போடாம வெறும் கஞ்சி குடிச்சுப் படுத்திருந்தாலும் அன்னைக்குத்தான் விட்டிருக்கும். நாம எப்பவுமே ரொம்ப முடியாத அன்னைக்குத்தான் மாத்திரையைத் தேடுறோம், உடம்பு தானா திரும்புறதும் அதுக்கு அடுத்த நாள்தான், அதனால பேரு மாத்திரைக்குப் போயிடுது.

உங்க வீட்டுக்காரர் கதையும் இதேதான்னு நினைக்கிறேன். ரெண்டே மாத்திரையில இருமல் நின்னுச்சுன்னா அது மாத்திரையால நின்ன இருமலா இருக்க வாய்ப்பு கம்மி. அந்த மூணு மிச்சமானதுக்கே காரணம், முதல்ல அது தேவைப்படாத மாத்திரையா இருந்திருக்கலாங்கறதுதான். இதுல டாக்டர்கள் எங்க தப்பும் இருக்கு, எதுக்கு எழுதுறோம், எத்தனை நாள் போடணும், எப்ப நிறுத்தலாம்னு ஓபி கூட்டத்துல ஒரு நிமிஷம் நின்னு சொல்றதில்ல.

அதே காய்ச்சல் டைபாய்டா இருந்திருந்தா

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாப் படிங்க, நான் பயப்படுறது இதுக்குத்தான்.

உங்க கதையில கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம் யாழினி சொந்தக்காரங்க வீடெல்லாம் போறா, ஃப்ரெண்ட்ஸோட ரோட்டோரக் கடையில பானிபூரி சாப்பிடுறா. டைபாய்டு கிருமி உள்ள போச்சுன்னா அன்னைக்கே காய்ச்சல் வராது, சாதாரணமா ஒண்ணு ரெண்டு வாரம், சில பேருக்கு ஒரு மாசம் வரைக்கும்கூட அமைதியா இருக்கும். செப்டம்பர் 6 சாப்பிட்டா, 12 ஃப்ளைட் ஏறினா, 20, 21-ல லீட்ஸ்ல காய்ச்சல். அதாவது ஒன்பதாவது நாள், நீங்க கதையில வச்ச அதே நாள்! இது கற்பனை இல்ல, இங்கிலாந்துல வர்ற டைபாய்டு கேஸ்ல பெரும்பகுதி இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் போயிட்டு வந்தவங்களுக்குத்தான்.

ஆரம்பத்துல டைபாய்டும் சாதா காய்ச்சல் மாதிரியே இருக்கும். தலைவலி, உடம்பு வலி, பசியில்ல, சில பேருக்கு வறட்டு இருமலும் இருக்கும். வித்தியாசம் என்னன்னா அது நாலாவது நாள் இறங்காது, நாளுக்கு நாள் படி ஏறுற மாதிரி ஏறும். இப்ப யாழினி அந்த மூணு அசித்ரோமைசினைப் போடுறா. அசித்ரோமைசின் நிஜமாவே டைபாய்டுக்குக் கொடுக்குற மருந்துதான், ஆனா அதுக்கு வழக்கமா 7 நாள், தினம் 500-ல இருந்து 1000 மில்லிகிராம் வரைக்கும் டாக்டர் கணக்குப் பண்ணிக் கொடுக்கணும். மூணு நாள் மூணு மாத்திரைங்கறது கிருமியைக் கொல்லாம லேசா மட்டும் அடிச்சுப் போடுற அளவு. காய்ச்சல் 103-ல இருந்து 100-க்கு வரும், அவளுக்குத் தேவலைன்னு தோணும், அம்மாவுக்கு வீடியோ கால்ல "சரியாயிடுச்சும்மா"ன்னு சொல்லுவா.

ஒரு வாரம் பத்து நாள்ல திரும்ப வரும். இந்தத் தடவை டாக்டர்கிட்ட போறா. டைபாய்டை உறுதி பண்ண ரத்தத்துல கிருமியை வளர்த்துப் பாக்கணும், அதுதான் ப்ளட் கல்ச்சர். நல்லா எடுத்தாலே கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத்தான் அதுல பிடிபடும், முன்னாடியே ஆன்டிபயாடிக் உள்ள போயிருந்தா அதுவும் குறைஞ்சுடும். கல்ச்சர்ல கிருமி வளரலைன்னா என்ன நோய்னும் தெரியாது, எந்த மருந்து கேக்கும்னும் தெரியாது. நம்ம ஊர் டைபாய்டு கிருமி பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்கறதில்ல, அதனால எந்த மருந்து வேலை செய்யும்னு அந்த ரிப்போர்ட் சொல்றது ரொம்ப முக்கியம். அதுக்குள்ள நோய் மூணாவது வாரத்துக்குப் போயிருக்கும், அந்த வாரத்துலதான் குடல்ல ரத்தக்கசிவு, குடல் ஓட்டை விழறது மாதிரி விஷயமெல்லாம் வரும்.

என்கிட்ட ஒரு காலேஜ் பையன் இப்படித்தான் வந்தான். 16 நாளா காய்ச்சல் விட்டு விட்டு, நடுவுல வீட்டுல இருந்த ரெண்டு விதமான மாத்திரையை ரெண்டு ரெண்டு நாள் போட்டிருக்கான், பேர் கேட்டா "வெள்ளையா நீளமா இருக்கும்"னான். கல்ச்சர் ரெண்டு தடவையும் ஒண்ணும் வளரல, கடைசியில அனுமானத்துல ஊசி மருந்து ஆரம்பிச்சோம், பொழச்சுக்கிட்டான், ஆனா அந்த அஞ்சு நாள் அவன் அம்மா வார்டு வாசல்ல உக்காந்திருந்ததை நான் மறக்கல. இத்தனைக்கும் அவன் ஊர்லயே இருந்தவன், பக்கத்துலயே ஆள் இருந்துச்சு.

அதனால உங்க பொண்ணுகிட்ட ஒரே ஒரு வாக்கியத்தை நல்லாப் பதிய வச்சு அனுப்புங்க. போன முதல் ஒண்ணு ரெண்டு மாசத்துல காய்ச்சல் வந்து மூணு நாள்ல இறங்கலைன்னா, அங்க இருக்குற டாக்டர்கிட்ட "நான் இந்தியாவுல இருந்து இத்தனாம் தேதி வந்தேன்"னு முதல்லயே சொல்லணும். அதைச் சொன்னாத்தான் டைபாய்டு, மலேரியா, டெங்குன்னு அவங்க யோசிப்பாங்க, சொல்லலைன்னா ஃப்ரெஷர்ஸ் ஃப்ளூன்னு நினைச்சுடலாம்.

ரூம்மேட்டுக்குக் கொடுத்த நாலு மாத்திரை

கதை முடியுற அந்த இடம், அம்மாவோட அன்பு ஒரு கையில இருந்து இன்னொரு கைக்குப் போறதா நீங்க எழுதியிருக்கீங்க, எழுதினவங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா படிக்கும்போது என் கண்ணு அந்த வெட்டின ஸ்ட்ரிப்லயேதான் நின்னுச்சு. அமாக்சிக்ளாவ் பென்சிலின் குடும்பத்து மருந்து. அந்த ரூம்மேட்டுக்கு பென்சிலின் அலர்ஜி இருந்தா? அவளுக்கு அது பென்சிலின்னே தெரியாதே, ஸ்ட்ரிப்ல பேர் இல்ல, துண்டுச்சீட்டுல தமிழ்ல "தொண்டைக்கு"ன்னு இருக்கு. அலர்ஜி இருக்குறவங்களுக்குப் போட்ட கொஞ்ச நேரத்துலயே, சில சமயம் நிமிஷத்துலயே, உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீங்கறது, மூச்சு இழுக்க முடியாம போறதுன்னு ஆயிடும். அப்ப ஆம்புலன்ஸ்ல வந்தவங்க என்ன மாத்திரை போட்டேன்னு கேட்டா யாழினி எதைக் காட்டுவா?

ஸ்ட்ரிப்பை வெட்டும்போது போறது பேர் மட்டும் இல்ல. எக்ஸ்பயரி தேதியும் பேட்ச் நம்பரும் ஒரு ஓரத்துலதான் அடிச்சிருக்கும், அந்த ஓரம் மெடிக்கல்காரர் கையிலயோ குப்பையிலயோ போயிடும். அமாக்சிக்ளாவ்ல இருக்குற கிளாவுலனிக் ஆசிட் ஈரத்துக்கு ரொம்ப சீக்கிரம் கெட்டுப்போற பொருள், அதனாலதான் அதைக் கெட்டியான அலுமினியக் கவர்ல போட்டு விக்கிறாங்க. கவர்ல ஓட்டை விழுந்து மழைக்காலத்துல அடுக்களை அலமாரியில ஒரு வருஷம் கிடந்திருந்தா மாத்திரை மஞ்சளா, பழுப்பா மாறி இருக்கும், உங்க வீட்டுலயே ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க.

ஒருவேளை ரூம்மேட்டுக்கு நிஜமாவே பாக்டீரியா தொண்டைப்புண்ணாவே இருந்தாலும் நாலு மாத்திரைங்கறது ரெண்டு நாளைக்குத்தான் வரும், அது பத்தாது. அதோட டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுக்கக்கூடிய மருந்தை இன்னொருத்தருக்கு எடுத்துக் கொடுக்குறது அந்த ஊர் சட்டப்படி குற்றம், நல்ல மனசோட கொடுத்தாலும் குற்றம்தான். நம்ம ஊர்லயும் இதெல்லாம் ஷெட்யூல் ஹெச் மருந்து, சீட்டு இல்லாம விக்கக்கூடாது, ஸ்ட்ரிப்ல ஒரு ஓரமா செவப்புக் கோடு இருக்கே, அது அதுக்குத்தான். செஃபிக்சிம் மாதிரி சிலது 2014-ல இருந்து ஹெச்1 பட்டியல்ல இருக்கு, வாங்குறவங்க பேர், எழுதின டாக்டர் பேர் எல்லாம் கடைக்காரர் தனி நோட்டுல எழுதி வைக்கணும். நடைமுறையில என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அதுதான் வீட்டுக்கு வீடு இந்தக் கவர் இருக்குது.

ஏர்போர்ட் பத்திக் கேட்டீங்க. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் மாத்திரை கொண்டு போறதை இங்கிலாந்துல யாரும் பெருசா தடுக்கிறதில்ல, வீரியமான தூக்க மாத்திரை, சில வலி மாத்திரைக்குத்தான் கெடுபிடி அதிகம். ஆனா அசல் பாக்கெட்டோட, பேர் போட்ட டாக்டர் சீட்டோட இருக்கணும். ஆளுக்கு ஒரு மருந்தா, பேரே இல்லாத துண்டு ஸ்ட்ரிப்பா கவர்ல இருந்தா, கேட்டா பதில் சொல்ல முடியாது. பிடிக்க மாட்டாங்கன்னாலும் வைக்க வேண்டாம்னுதான் சொல்லுவேன், காரணம் கஸ்டம்ஸ் இல்ல.

இன்னொண்ணு. ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி அடங்காம போறதுன்னு சொன்னாலே நாட்டுக்கு ஆகுற கெடுதல்னு நினைச்சுடறோம். அப்படி இல்லம்மா, அது முதல்ல அவங்கவங்க வயித்துலயே நடக்குது. தேவையில்லாம போடுற மாத்திரை குடல்ல இருக்குற லேசான கிருமியை எல்லாம் கொன்னுடும், அடங்காத கிருமி மட்டும் இடம் பிடிச்சுக்கும், சில மாசம் வரைக்கும் அது அங்கயே இருக்கும். பொண்ணுங்களுக்கு வர்ற யூரின் இன்ஃபெக்ஷன் பெரும்பாலும் அவங்க குடல்ல இருக்குற கிருமியாலதான் வருது. செப்டம்பர்ல சளிக்குப் போட்ட மாத்திரையோட விலையை ஜனவரியில யூரின் எரிச்சல்ல கொடுக்க வேண்டி வரலாம்.

அங்க டாக்டரே கிடைக்காதுங்கறது

இது பாதிதான் உண்மை. ஜிபின்னு சொல்ற குடும்ப டாக்டர்கிட்ட அவசரமில்லாத விஷயத்துக்கு நாள் கிடைக்க தாமதமாகும், அது நிஜம். ஆனா உங்க பொண்ணு விசாவோட சேத்து ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருப்பா, மாணவர்களுக்கு வருஷத்துக்கு 776 பவுண்டு. அந்தக் காசு கட்டினதுக்கு அப்புறம் ஜிபியைப் பாக்கவோ ஆஸ்பத்திரிக்குப் போகவோ தனியா ஃபீஸ் கிடையாது. நிறையப் பசங்க பண்ற தப்பு என்னன்னா, ஜிபிகிட்ட பேர் பதியாமலே இருந்துட்டு காய்ச்சல் வந்த அன்னைக்கு எங்க போறதுன்னு தேடுறது. ரூம் சாவி வாங்கின அதே வாரம் போய் பதிஞ்சுடணும், பதியறது இலவசம்.

நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிற ஒண்ணு, 2024 ஜனவரி கடைசியில இருந்து இங்கிலாந்துல ஃபார்மசி ஃபர்ஸ்ட்னு ஒரு திட்டம் நடக்குது. ஏழு நோய்க்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டே வேண்டாம், மருந்துக்கடைக்கே போய் பார்மசிஸ்ட்டைப் பாக்கலாம், அவரே தனி ரூம்ல கூப்பிட்டுக் கேட்டு, பாத்து, தேவைன்னா ஆன்டிபயாடிக்கும் கொடுப்பார். அந்த ஏழுல தொண்டை வலியும் இருக்கு, பொண்ணுங்களோட சாதாரண யூரின் இன்ஃபெக்ஷனும் இருக்கு. தொண்டை வலிக்குப் போனா காய்ச்சல் இருக்கா, டான்சில் செவந்து வீங்கியிருக்கா, சீழ் இருக்கா, எத்தனை நாளாச்சுன்னு பாப்பார், இருமலோ சளியோ இருக்கான்னும் கேப்பார். இருமலும் சளியும் சேந்து இருந்தா அது வைரஸ் பக்கம்தான் சாயும், அப்ப பாராசிட்டமால் போதும்னு அனுப்புவார். அது அலட்சியம் இல்ல, பாத்து முடிவு பண்ணிச் சொல்றது. யாழினி போயிருந்தா அப்படித்தான் அனுப்பியிருப்பாங்க.

யூரின் எரிச்சல்னா, அங்க பொதுவா நைட்ரோஃபுரான்டாயின்னு ஒரு மாத்திரை மூணு நாளைக்குக் கொடுப்பாங்க. உங்க கவர்ல இருக்குற அசித்ரோமைசின் அதுக்குப் பிரயோஜனமே இல்ல. இதை அம்மாகிட்ட சொல்லவே கூச்சப்பட்டு கவர்ல இருந்து ஏதோ ஒண்ணை எடுத்துப் போடுற பொண்ணுங்களை நான் பாத்திருக்கேன், அதனால நீங்களே முதல்ல பேச்சை எடுத்துடுங்க. மருந்துக்கு 2025 நிலவரப்படி ஒரு ஐட்டத்துக்கு 9.90 பவுண்டு கட்டணும், மூணு நாள் மருந்தோ ஏழு நாள் மருந்தோ அதே விலைதான். எரிச்சலோட குளிர் காய்ச்சல், இடுப்புக்கு மேல முதுகு வலி, வாந்தி வந்தா அது கிட்னி வரைக்கும் போயிருக்கலாம், பார்மசி பத்தாது, 111-க்கு போன் பண்ணணும். 111 இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, எங்க போகணும்னு அவங்களே சொல்லுவாங்க.

ராத்திரி விஷயத்துல ஒண்ணை மட்டும் நீங்களும் மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க. ஹாஸ்டல்ல புதுசா சேர்ற பசங்களுக்கு மூளைக்காய்ச்சல் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகம், அபூர்வம்தான், ஆனா வந்தா நாள் கணக்கு இல்ல, மணிக்கணக்கு. காய்ச்சலோட தாங்க முடியாத தலைவலி, கழுத்தை முன்னாடி குனிய முடியல, வெளிச்சம் பாத்தா கூசுது, பேச்சு குழறுது, தோல்ல புதுசா புள்ளிப்புள்ளியா தடிப்பு, கண்ணாடி டம்ளரை அது மேல அழுத்தினாலும் மறையாத தடிப்பு, இதுல ஏதாவது இருந்தா உடனே அந்த ஊர் ஆம்புலன்ஸ் நம்பர் 999-க்கு போன் பண்ணணும். மாத்திரையைப் போட்டுட்டு "காலையில பாத்துக்கலாம்"னு படுக்கற ராத்திரி இல்ல அது. இதுக்கு மென்ஏசிடபிள்யூஒய்னு ஒரு தடுப்பூசி இருக்கு, முன்னாடி போடாதவங்களுக்கு 25-ஆவது பிறந்தநாளுக்குள்ள அங்க இலவசமாப் போடுவாங்க, உங்க பொண்ணுக்கு 22, ஜிபிகிட்ட பதியும்போதே கேட்டு வாங்கிக்கச் சொல்லுங்க. அது எல்லா வகைக்கும் காவல் இல்ல, அதனால ஊசி போட்டாலும் அறிகுறியை மறக்கக்கூடாது.

பெட்டியில அந்த இடத்துல என்ன வைக்கலாம்

பாராசிட்டமால் ரெண்டு முழு ஸ்ட்ரிப், ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பாக்கெட் ஆறு ஏழு, செட்ரிசின் ஒரு ஸ்ட்ரிப். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டா இருந்தா ஒரு லிட்டர் தண்ணியில முழுசாக் கரைக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாக் கொட்டிக் கலக்குறது கூடாது. லூஸ் மோஷனுக்கு ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் சேந்த மாத்திரையை நம்ம ஊர்ல மிட்டாய் மாதிரி வாங்குறோம், அதையும் சேத்து வச்சிடாதீங்க. ஆஃப்ளாக்சசின் வகை மருந்தால தசைநார், நரம்பு பாதிப்பு வரலாம்னு 2024 ஜனவரியில பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வேற வழி இல்லாதப்போ மட்டும்தான் கொடுக்கணும்னு சொல்லிடுச்சு. சாதா வயித்துப்போக்குக்கு ஓஆர்எஸ்ஸும் ரெண்டு நாள் பொறுமையும் போதும், ரத்தம் போனாலோ காய்ச்சல் சேந்தாலோ 111.

பாராசிட்டமால்ல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஊர்ல 650, அங்க கடையில 500. அதோட சுடுதண்ணியில கலக்கிக் குடிக்கிற சளிப் பவுடர் அங்க எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் இருக்கும், அதுல ஒரு பாக்கெட்லயே 650 இல்லன்னா 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். மாத்திரையும் போட்டு பவுடரும் குடிச்சா ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராம்ங்கற எல்லையைத் தெரியாமலே தாண்டிடுவாங்க, கல்லீரலுக்கு ஆபத்து. 50 கிலோவுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு எல்லை அதைவிடக் கம்மி. மாத்திரை போட்டா பவுடர் வேண்டாம், பவுடர் குடிச்சா மாத்திரை வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க.

உங்க பொண்ணுக்கு அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வரும்ங்கற மாதிரி ஏதாவது நிஜப் பிரச்சனை இருந்தா, அவளைக் கூட்டிட்டு அவளைப் பாக்குற டாக்டர்கிட்ட போங்க. அவர் தேவைன்னு நினைச்சா அவ பேர்ல, அவளுக்குன்னு, எப்ப ஆரம்பிக்கணும்னு எழுதி முழு கோர்ஸா கொடுப்பார், அதை அசல் பாக்கெட்டோட கொண்டு போகலாம். அதுவும் உங்க கவரும் ஒண்ணு இல்ல.

அந்தத் துண்டுச்சீட்டு மட்டும் பெட்டியில இருக்கட்டும், எழுத்தை மாத்துங்க. இங்கிலீஷ்ல அவளோட ரத்த குரூப், சின்ன வயசுல எந்த மருந்துக்குத் தடிப்பு வந்துச்சு, போட்ட தடுப்பூசி, வழக்கமா போடுற மாத்திரையோட ஜெனரிக் பேர், கடைசியா எப்ப ஆன்டிபயாடிக் போட்டா, எதுக்குப் போட்டா. இதெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அவளுக்கு ஞாபகம் இருக்காது, அங்க இருக்குற எந்த டாக்டருக்கும் தெரிய வழியில்ல. செல்வியும் இதையே எழுதி பருப்புப்பொடிக்கு அடியில வைக்கட்டுமே, லீட்ஸ்ல ஒரு டாக்டர் "எனி அலர்ஜிஸ்?"னு கேக்கும்போது யாழினி அந்தச் சீட்டைப் பிரிச்சு அம்மா கையெழுத்தைப் பாக்கட்டும்.

கவர்ல இருக்குற மாத்திரையை ஸ்ட்ரிப்ல இருந்து பிதுக்கி, பயன்படுத்தின காப்பித்தூளோ டீத்தூளோ கூட நல்லாப் பிசைஞ்சு, ஒரு கவர்ல கட்டி குப்பையில போடுங்க. சாக்கடையிலயோ டாய்லெட்லயோ கொட்ட வேண்டாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம். மாமியாரோட பல்லு மாத்திரையில நாலு ஏன் மிச்சமாச்சுன்னும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, வீக்கம் இன்னும் இருந்தா அவங்களையும் ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.